அண்ணன் சொத்தை விற்கப் பார்க்கிறார்: தடை மட்டும் கேட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா 2019-இல் இறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. அம்மா, அண்ணன், நான், தங்கை என்று நான்கு பேர் இருக்கிறோம். திண்டுக்கல்லில் அப்பா 1987-இல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு ஒன்று, ஊரில் தாத்தா வழியாக வந்த 2 ஏக்கர் 10 சென்ட் நிலம், இரண்டும் இன்னும் பிரிக்கப்படவில்லை. வீட்டில் அம்மாவும் அண்ணன் குடும்பமும் இருக்கிறார்கள். நிலத்தின் பட்டாவை அண்ணன் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டார். போன வாரம் ஒரு புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்து நிலத்தைக் காட்டியிருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் கேட்டிருப்பதாகவும் கேள்விப்படுகிறோம். கேட்டால் "நான்தான் மூத்தவன், எல்லாம் என் பொறுப்பு" என்கிறார். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது என்று மட்டும் ஒரு கேஸ் போட முடியுமா? முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார்கள், அது சரியா? கேஸ் நடக்கும்போதே விற்றுவிட்டால் என்ன ஆகும்?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். தடை மட்டும் கேட்டு வழக்குப் போடாதீர்கள். பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடுங்கள், அதற்குள்ளேயே தடையும் கேளுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிறகு நோட்டீஸ் போகட்டும், முன்னால் வேண்டாம்.

ஏன் தடை மட்டும் போதாது என்று கேட்பீர்கள். உங்கள் அண்ணனும் ஒரு பங்காளிதான். தன் பிரிபடாத பங்கை விற்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு, தமிழ்நாட்டில் பூர்வீகக் கூட்டுச் சொத்தில்கூட ஒருவர் தன் பங்கை விலைக்கு விற்கலாம் என்றுதான் பழைய காலத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. அதனால் "அவர் எதையுமே விற்கக் கூடாது" என்று மட்டும் எழுதிக்கொண்டு போய் நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "பங்கு வேண்டுமென்றால் பாகம் கேட்டு வரட்டும், அதைவிட நல்ல பரிகாரம் இருக்கும்போது வெறும் தடை கேட்க முடியாது" என்பார். குறித்த தீர்வுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அண்ணன் சொல்லும் "மூத்தவன்" வாதத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தை நிர்வகிக்கும் மூத்தவரான கர்த்தா குடும்ப அவசியத்துக்காகச் சொத்தை விற்பதை, மற்றப் பங்காளிகள் முன்கூட்டியே தடையாணை வாங்கி நிறுத்த முடியாது, விற்ற பிறகு அதை எதிர்த்து வழக்குப் போடலாம் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை உங்களுக்கு எதிராகக் கட்டாயம் எடுத்துக் காட்டுவார்கள். பாகப்பிரிவினை வழக்கு போட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. "எனக்குத் தனியாகப் பிரித்துக் கொடு" என்று நீங்கள் தெளிவாகச் சொல்லி வழக்குத் தொடுப்பதே கூட்டுக் குடும்ப நிலையை முறித்துவிடும், அதற்கப்புறம் கர்த்தா என்ற பெயரில் உங்கள் பங்கைச் சேர்த்து விற்க அவரால் முடியாது. வீட்டைப் பொறுத்தவரை கர்த்தா என்ற பேச்சே கிடையாது. அது அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம். அவர் உயில் எழுதாமல் இறந்ததால் வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு தனித்தனியாக வந்துவிட்டது, மூத்தவர் இளையவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

பங்கு எவ்வளவு என்பதை இப்போதே கணக்குப் போட்டுவிடுவோம், ஏனென்றால் தடை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டுவதில்தான் இருக்கிறது. வீட்டில் அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. நிலம் கொஞ்சம் சிக்கல். நம் ஊரில் தாத்தா வைத்திருந்த எல்லாவற்றையும் பூர்வீகச் சொத்து என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அப்படி இல்லை. தாத்தா தன் காசில் வாங்கிய நிலமாக இருந்து, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு அவர் உயில் இல்லாமல் இறந்திருந்தால், அது உங்கள் அப்பா கையில் அவருடைய தனிச் சொத்துதான். அப்போது நிலத்திலும் உங்களுக்குக் கால் பங்கு. தாத்தாவுக்கே அது அவருடைய அப்பா வழியாக வந்து, பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி ஏதாவது ஆவணம் இருந்தால் மட்டும் அது பூர்வீகச் சொத்து. அப்படியானால் அந்தச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு நீங்களும் தங்கையும் பிறப்பாலேயே பங்காளிகள். அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதும் இதில் முக்கியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. இந்தக் கணக்கில் அப்பா, மூன்று பிள்ளைகள் என்று நான்கு பங்கு. அப்பாவின் கால் பங்கு மறுபடி உங்கள் நால்வருக்கும் பிரியும். ஆக உங்களுக்கு 16-இல் 5, தங்கைக்கு 5, அண்ணனுக்கு 5, அம்மாவுக்கு 1. எந்த வழியில் கணக்குப் போட்டாலும் அண்ணனுக்கு மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக வரவில்லை, ஆனால் முழு நிலத்தையும் விற்கப் பார்க்கிறார். நீதிபதி முன்னால் இந்த ஒரு விஷயம் எழுதிய தாளில் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பட்டா அவர் பெயரில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பட்டா வருவாய்த் துறையின் பதிவுதான், அது உரிமையை உண்டாக்காது. ஆனால் வாங்க வருகிறவர்கள் பட்டாவைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்பதால் அதை அப்படியே விடவும் கூடாது. வழக்குப் போட்ட கையோடு தாசில்தாருக்கு ஆட்சேப மனு ஒன்று கொடுத்து வையுங்கள்.

இனி நோட்டீஸ் விஷயம். அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடுவதென்றால் முன் நோட்டீஸ் கட்டாயம். அண்ணன் மேல் போட அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. நோட்டீஸ் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே அவர் ஒரு வக்கீலிடம் போவார். அடுத்த வாரத்துக்குள் மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ ஒரு தான செட்டில்மென்ட் பதிவாகிவிடும், நீதிமன்றத்தில் கேவியட்டும் ஏறிவிடும். கேவியட் இருந்தால் அவரைக் கேட்காமல் உங்களுக்கு இடைக்கால உத்தரவு கொடுக்க முடியாது, அது 90 நாள் உயிரோடு இருக்கும். நல்ல வார்த்தை பேசிப் பார்க்க நினைத்தால் உறவுக்காரர்கள் மூலம் பேசுங்கள், அது வேறு. ஆனால் புரோக்கர் வந்து நிலம் காட்டிவிட்டுப் போன இந்த நிலைமையில் தாளில் எழுதி முன்னறிவிப்புக் கொடுப்பது தவறு. அண்ணன் ஏற்கெனவே கேவியட் போட்டிருக்கிறாரா என்பதை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

வழக்கில் யாரை எல்லாம் சேர்ப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அம்மா, தங்கை இருவரும் உங்கள் பக்கம் என்றால் உங்களோடு சேர்ந்து வாதிகளாக வரலாம். அம்மா அண்ணன் வீட்டில் இருப்பதால் தயங்கினால் கட்டாயப்படுத்தாதீர்கள், பிரதிவாதியாகச் சேர்த்துவிடுங்கள், அதில் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவர்கள் பங்கு அவர்களுக்கே வரும். ஆனால் யாரையாவது விட்டுவிட்டால் வழக்கே நிற்காது. வீடு, நிலம் இரண்டையும் ஒரே வழக்கில் காட்டுங்கள், அப்பா பெயரில் வேறு எது இருந்தாலும் அதையும் சேர்த்து. விற்கப் போவது நிலம்தானே என்று நிலத்துக்கு மட்டும் பாகம் கேட்டால், பகுதிப் பாகப்பிரிவினை செல்லாது என்ற ஆட்சேபணையை நீங்களே அவர் கையில் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். நீதிமன்றக் கட்டணமும் ஒரு விஷயம். நீங்களும் சொத்தில் கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொல்லிக் கேட்டால் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37(2)-இன்படி ஒரு நிலையான தொகைதான். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டேன் என்று நீங்களே எழுதிவிட்டால் 37(1)-இன்படி உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டி வரும். ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளின் அனுபவமாகத்தான் சட்டம் பார்க்கிறது, அம்மாவும் அந்த வீட்டிலேயே இருக்கிறார். அதனால் கோபத்தில் "எங்களை அடித்து விரட்டிவிட்டார்" என்கிற மாதிரி நடக்காததை எழுதிவைக்காதீர்கள்.

சரி, தடை மனு. வழக்கின் மூல மனுவான பிராதோடு சேர்த்து, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39, விதி 1, 2-இன் கீழ் ஒரு இடைமனுவும் அதற்கு உங்கள் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். நீதிபதி மூன்றைப் பார்ப்பார். மேலோட்டமாகப் பார்க்கும்போதே உங்களுக்கு உரிமை இருப்பது தெரிகிறதா, தடை கொடுப்பதால் அவருக்கு வரும் சிரமத்தைவிடக் கொடுக்காததால் உங்களுக்கு வரும் சிரமம் பெரிதா, பின்னால் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா. உங்கள் வழக்கில் முதலாவதுக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, 1987 கிரையப் பத்திரம், நிலத்தின் பழைய ஆவணம், வில்லங்கச் சான்று போதும். மூலப் பத்திரம் அண்ணனிடம் இருந்தால் கவலையில்லை, சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் tnreginet.gov.in தளத்தில் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அப்பா இறந்த நாளிலிருந்து அல்ல, 1987-க்கு முன்னாலிருந்து.

பலர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். ஒன்று, அவசரத்தைக் காட்டும் ஆதாரம். "விற்க முயற்சி செய்கிறார்" என்று ஒரு வரி எல்லா மனுவிலும் இருக்கும், நீதிபதிகள் தினமும் படிக்கிறார்கள். எந்தத் தேதியில் யார் வந்தார்கள், யார் பார்த்தார்கள், புரோக்கர் வாட்ஸப்பில் நிலத்தின் படம் போட்டிருந்தால் அதன் நகல், வீட்டை மதிப்பிட வங்கியிலிருந்து ஆள் வந்தாரா, இதெல்லாம் வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பார்த்ததை ஒரு பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, என்னென்ன செய்யக் கூடாது என்று கேட்கிறோம் என்பது. "விற்கக் கூடாது" என்று மட்டும் உத்தரவு வாங்கினால் அவர் விற்க மாட்டார், மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதுவார். அதையும் சேர்த்தால் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பார், அல்லது ஒரு கிரைய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அந்த ஆள் "ஒப்பந்தப்படி எழுதிக் கொடு" என்று தனியாக ஒரு வழக்குப் போடுவார், அதில் அண்ணன் எதிர்வாதமே செய்ய மாட்டார். அதனால் கிரையம், அடமானம், உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்குவது, தானம், செட்டில்மென்ட், விடுதலை, குத்தகை, பவர், கிரைய ஒப்பந்தம், வேறு எந்த வகையிலும் வில்லங்கம் உண்டாக்குவது, இவ்வளவும் வாசகத்தில் இருக்க வேண்டும், அவர் மட்டுமல்ல, அவருக்காகச் செயல்படும் முகவர்களும் என்று. சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கு எல்லை, எந்தச் சார் பதிவாளர் அலுவலக எல்லை என்பது வரை பத்திரத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு உட்பிரிவு எண் மாறிப்போனால் அந்த உத்தரவு வேறு யாருடைய நிலத்துக்கோ போய்விடும்.

அப்புறம் ஒரு கேள்வி, உங்களிடமே. நீங்களோ தங்கையோ அப்பா இறந்த பிறகு ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? பட்டா மாற்றத்துக்கு என்று, லோனுக்கு என்று, வாரிசுச் சான்றுக்கு என்று? கல்யாணத்தின்போது நகை வாங்கிக்கொண்டு, பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? இருந்தால் உங்களுக்கு எதிரானதாகவே இருந்தாலும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், பிராதிலும் சொல்லி, ஏன் அது உங்களைக் கட்டாது என்று விளக்குங்கள். பாகப்பிரிவினை வழக்கில் விடுதலைப் பத்திரத்தை மறைத்துத் தீர்ப்பு வாங்கியதை நீதிமன்றத்தின் மேல் நடத்திய மோசடி என்று சொல்லி, அந்தத் தீர்ப்பே செல்லாது என்று 1993-இல் செங்கல்வராய நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடைக்காலத் தடை மனுவில் இது இன்னும் வேகமாக அடிக்கும். மறைத்தது தெரிந்த அன்றே உத்தரவு போய்விடும்.

தாக்கல் செய்ததும் உங்கள் வக்கீல் மனுவை அவசரமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்பார். நீதிபதி திருப்தியானால் அண்ணனைக் கேட்காமலேயே குறிப்பிட்ட தேதி வரை இடைக்காலத் தடை கொடுக்கலாம், அதற்குக் காரணம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் மட்டும் போட்டு வாய்தா கொடுப்பார். அப்படி நடந்தால் மனம் தளர வேண்டாம், ஆனால் வாய்தாவைக் கிட்டத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தடை கிடைத்துவிட்டால் உடனே ஒரு வேலை இருக்கிறது. மனு, பிரமாணப் பத்திரம், பிராது, ஆவணங்கள் இவற்றின் நகல்களை அன்றைக்கோ மறுநாளோ அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பியதாக நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். அதே கட்டளை 39-இன் விதி 3 இதைக் கட்டாயமாக்குகிறது. இதைச் செய்யாமல் விட்டதாலேயே உத்தரவு ரத்தான வழக்குகள் நிறைய. அந்தத் தபால் ரசீதை நீங்களும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவில் இருக்கும் தேதியைக் கவனியுங்கள். "அடுத்த வாய்தா வரை" என்று இருந்தால் அந்த நாளில் நீட்டிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். யாரும் கேட்காமல் போனால் அன்றோடு அது முடிந்தது, அடுத்த நாள் அவர் பதிவு செய்தால் உத்தரவை மீறியதாகச் சொல்ல முடியாது. நீதிபதி விடுமுறை, வக்கீல்கள் வேலைநிறுத்தம், இப்படி ஒரு வாய்தா தள்ளிப்போகும் நாட்களில்தான் இது நடக்கிறது. ஒவ்வொரு வாய்தா அன்றும் மாலையில் "தடை நீட்டித்தாகிவிட்டதா" என்று ஒரு வார்த்தை வக்கீலிடம் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. "தற்போதைய நிலை நீடிக்க வேண்டும்" என்று மட்டும் ஒரு உத்தரவு வந்தாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள், அது அனுபவத்தைப் பற்றியதா, பதிவைப் பற்றியதா என்று பின்னால் சண்டை வரும். சொத்தை மாற்றக் கூடாது என்று வார்த்தையாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். அண்ணன் வக்கீல் எழுந்து "நாங்கள் விற்க மாட்டோம்" என்று உறுதி கொடுத்தால் அதையும் நீதிமன்றம் பதிவு செய்து உத்தரவாகப் போட வேண்டும், வாய் வார்த்தை வேண்டாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, வழக்கு நடக்கும்போதே விற்றுவிட்டால். இதற்குச் சட்டம் ஏற்கெனவே ஒரு காவல் வைத்திருக்கிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவர், வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்குகிறார். அவருக்கு வழக்கு இருப்பது தெரியுமா தெரியாதா என்பது கணக்கில் வராது. அண்ணனுக்கு வரும் பங்கு எவ்வளவோ அதுதான் அவருக்கும். பிராது தாக்கல் செய்த நாளிலிருந்து இந்தக் காவல் தொடங்குகிறது, அதனால்தான் ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள் என்கிறேன். "52-ஆம் பிரிவுதான் இருக்கிறதே, தடை எதற்கு" என்று அண்ணன் தரப்பில் சொல்வார்கள். அந்தப் பிரிவு விற்பனையைத் தடுக்காது, விற்றால் என்ன விளைவு என்று மட்டும்தான் சொல்கிறது. வாங்கினவர் நிலத்தில் வேலி போடுவார், மனை பிரிப்பார், நாலு பேருக்கு விற்பார், அத்தனை பேரையும் நீங்கள் வழக்கில் சேர்த்துக்கொண்டு அலைய வேண்டும். அந்தப் பிரிவு இருப்பதால் தடையாணை தேவையில்லை என்று ஆகிவிடாது என்று 2024-இல் வந்த ஒரு தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

வழக்குக்கு முந்தைய தேதியிட்ட பத்திரம் என்பதுதான் எனக்கு உண்மையில் பயம். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோகலாம், பதிவானதும் அது எழுதிய தேதியிலிருந்தே செல்லும். அதனால் வழக்குப் போட்ட பிறகு, முந்தைய தேதியோடு ஒரு பத்திரம் பதிவுக்கு வரலாம். வழக்குப் போட்ட நாளிலிருந்து 4 மாதம் முடியும் வரை அடிக்கடி வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அப்படி ஏதாவது முளைத்திருந்தால் வாங்கினவரை வழக்கில் சேர்த்து, அந்தப் பத்திரம் உங்கள் பங்கைக் கட்டாது என்று கூடுதலாகக் கேட்க வேண்டும்.

தடை உத்தரவின் சான்றிட்ட நகலைச் சார் பதிவாளருக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வழக்கு இருக்கிறது என்று வெறும் கடிதம் கொடுத்தால் அவர் பதிவை நிறுத்தக் கடமைப்பட்டவர் அல்ல, நீதிமன்ற உத்தரவு என்றால் விஷயம் வேறு. அதிலும் உத்தரவு அடிப்படையில் அண்ணனைத்தான் கட்டுகிறது என்பதை மறக்க வேண்டாம். பதிவு அலுவலகம் கவனிக்காமல் பதிந்துவிடுவதும் நடக்கிறது.

உத்தரவு தெரிந்தும் அவர் மீறினால், கட்டளை 39, விதி 2-ஏ-இன்படி மனு போடலாம். சொத்தை ஜப்தி செய்யவும், 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அவருக்கு உத்தரவு தெரியும் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், அந்தத் தபால் ரசீது இங்கே வந்து உதவும். அதோடு நிற்காமல், மீறிச் செய்த காரியத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151-ஆம் பிரிவின் கீழும் கேளுங்கள். உத்தரவை மீறிச் செய்ததைத் திருப்பும் உள்ளார்ந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1975-இல் செஞ்சுரி ஃபிளவர் மில்ஸ் வழக்கில் சொன்னதைத்தான் இன்றைக்கும் எங்கள் நீதிமன்றங்களில் எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் மீறி எழுதிய பத்திரம் தானாகவே செல்லாமல் போய்விடும் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். அது எப்போதும் அப்படி இல்லை, நீங்கள் போய்க் கேட்டால்தான்.

அடமானத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் விற்பனையைவிட இது வேகமாக நடக்கும், வெளியே தெரியவும் தெரியாது. மூலப் பத்திரம் அண்ணன் கையில் இருக்கிறது. வங்கிகள் பொதுவாக அப்பா பெயரில் உள்ள வீட்டுக்கு எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போடாமல் கடன் கொடுப்பதில்லை. ஆனால் தனியார் நிதி நிறுவனங்களும் கைமாற்றுக் கொடுப்பவர்களும் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பணம் கொடுக்கிறார்கள், போலி விடுதலைப் பத்திரம் தயாராவதும் உண்டு. வங்கிக்கு அடமானமாகிக் கடன் கட்டாமல் போனால், வங்கிகள் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி நேராக நோட்டீஸ் ஒட்டி வீட்டை எடுத்துக்கொள்ள வரும். அந்த நடவடிக்கையை சிவில் நீதிமன்றம் தடை செய்வதை அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு தடுக்கிறது. நீங்கள் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு ஓட வேண்டும். அந்த நிலைமைக்கு விடாதீர்கள். எந்தக் கிளையில் கடன் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தால், தாக்கல் செய்த மறுநாளே வழக்கு எண், உங்கள் பங்கு விவரம், உத்தரவு நகல் வைத்து மேலாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். வழக்கில் இருக்கிறது என்று எழுத்தில் வந்த பிறகு அந்தச் சொத்தைத் தொடும் மேலாளர் அபூர்வம். அண்ணனிடமிருக்கும் மூலப் பத்திரங்களை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொல்லி இன்னொரு இடைமனுவும் போடலாம். நான் இதை எப்போதும் கேட்கச் சொல்வேன், பத்திரம் நீதிமன்றத்தில் இருந்தால் அதை வைத்துக் கடன் வாங்க வழியில்லை.

அண்ணன் வந்து எதிர்மனு போட்டு, இரு தரப்பையும் கேட்ட பிறகு தடை உறுதியாகலாம், மாறலாம், ரத்தும் ஆகலாம். அவருடைய பங்கை மட்டும் விற்க விடலாம் என்று நீதிபதி நினைத்தால், மூன்றாவது ஆள் வருவதால் பிரிப்பதே சிக்கலாகும் என்று வாதிடச் சொல்லுங்கள். வீட்டைப் பொறுத்து இன்னொரு பலம் இருக்கிறது, குடும்ப வீட்டில் ஒருவருடைய பங்கை வெளியாள் வாங்கினால் அவர் உள்ளே வந்து கூட வாழும் உரிமை கேட்க முடியாது, பாகம் கேட்டுத்தான் போக வேண்டும். உத்தரவு உங்களுக்கு எதிராகப் போனால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதுவரை காலியாக விடாமல், மேல்முறையீட்டிலும் முதல் நாளே இடைக்காலத் தடை கேட்க வேண்டும்.

வழக்கு முடியும் வரை நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சாட்சி சொல்ல வராமலோ வக்கீல் போகாமலோ வழக்குத் தள்ளுபடியானால் தடையும் அதோடு போய்விடும். வழக்கை மீட்டாலும் இடையில் இருக்கும் நாட்கள் திறந்து கிடக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டு வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். போகும்போது அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, 1987 பத்திரத்தின் நகல், வில்லங்கம், பட்டா, வீட்டு வரி ரசீது, புரோக்கர் வந்த தேதியை எழுதிய ஒரு தாள், அண்ணனும் நீங்களும் வாட்ஸப்பில் பேசியது எல்லாம் எடுத்துப் போங்கள். வாரிசுச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீதோடு போங்கள், அது வரும் வரை வழக்கை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.